இரண்டு நிமிடத்தின் விலை

லண்டனின் வடமேற்கே, ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் பகுதி ஹாரோ. அங்குள்ள ஹாரோ-ஆன்-த-ஹில் நிலையத்தில் காலை 9.29-க்கு வாயிலில் அட்டையைத் தட்டியவருக்கு, நகர மையத்துக்குப் போக 5.10 பவுண்ட். 9.31-க்குத் தட்டியவருக்கு 3.50. ஏறியது இருவரும் ஒரே ரயிலாகவே இருக்கலாம். இது 2023 மார்ச் முதல் இரண்டு ஆண்டுகள் இருந்த கட்டணம். பிறகு தொகை ஏறியது. கணக்கிடும் முறை அப்படியே இருக்கிறது.

திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 – 9.30, மாலை 4 – 7. இவைதான் நெரிசல் நேரம். வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் நாள் முழுக்கக் குறைந்த கட்டணம். ரயில் புறப்படும் நேரத்தை யாரும் பார்ப்பதில்லை; வாயிலில் தட்டிய நொடிதான் கணக்கு. விவரம் தெரிந்தவர்கள் 9.28-க்கு வந்துவிட்டால் வெளியிலேயே நின்றுகொள்வார்கள்.

வாரம் மூன்று நாள் அலுவலகம் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்குப் போய், மாலை ஐந்தரைக்குத் திரும்பினால் நாளுக்கு 10.20 பவுண்ட். காலையில் மட்டும் 6.25-க்கே நுழைந்தால் 8.60. முதலாளி இசைந்து, மாலை நான்குக்கு முன்பே கிளம்ப முடிந்தால் வெறும் 7. வாரத்தில் 9.60 மிச்சம்.

இரவு வேலைக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு, பலருக்குத் தெரியாது. மாலை நெரிசலில் வெளி மண்டலங்களிலிருந்து மைய மண்டலத்துக்கு வருபவர்களிடம் குறைந்த கட்டணமே வாங்குவார்கள். கூட்டம் எதிர்த்திசையில்தானே போகிறது!

அடுத்தது ரெயில்கார்டு. இளைஞர்கள், முதியோர் போன்றோருக்கான இந்த அட்டைகளில் சிலவற்றை நிலைய ஊழியரிடம் சொல்லி ஆய்ஸ்டர் அட்டையோடு இணைத்துவிட்டால், நெரிசலற்ற நேரக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 3.50 என்பது சுமார் 2.30 ஆகும். அட்டைக்கு அப்போது ஆண்டுக்கு 30 பவுண்ட். 25 பயணத்தில் முதல் திரும்பிவிடும். வங்கி அட்டையைத் தட்டுபவர்களுக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.

மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே தவறில் போவதும் உண்டு. நுழையும்போது கைபேசி, வெளியேறும்போது வங்கி அட்டை என்று மாற்றித் தட்டினால், இரண்டும் ஒரே கணக்கில் பணம் எடுப்பவையானாலும் கணினிக்கு அவை இரண்டு முடிவுறாத பயணங்கள். இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் விழும். அன்றாட, வாராந்திர உச்சவரம்புச் சலுகையும் ஒரே அட்டையைத் தட்டுபவர்களுக்குத்தான்.

கட்டணத்தைக் குறைத்தால் கூட்டம் கூடுமா? 2024 மார்ச் முதல் மே வரை வெள்ளிக்கிழமை முழுவதையும் நெரிசலற்ற நேரமாக்கிப் பார்த்தார்கள். பயணிகள் எண்ணிக்கையில் சொல்லும்படி மாற்றமில்லை. சோதனை அத்தோடு நின்றது.