விளைச்சல் ரகத்தாலா, மண்ணாலா?

நான்கு நெல் ரகங்களை ஒரே வயலில் ஒப்பிட வேண்டும். வயலோ சரிவானது: மேட்டில் மணல் கலந்த மண், பள்ளத்தில் வண்டல். பள்ளத்தில் நட்ட ரகம் நன்றாக விளைந்தால், பெருமை ரகத்துக்கா, மண்ணுக்கா?

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1920-களில் ரொனால்டு ஃபிஷர் இதற்கு வழி சொன்னார். சரிவுக்குக் குறுக்காக வயலை மேடு, நடு, பள்ளம் என்று மூன்று தொகுதிகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றிலும் நான்கு பாத்திகள். நான்கு ரகங்களும் தலா ஒருமுறை வரும். எந்தப் பாத்தியில் எது என்பதைத் தொகுதிதோறும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். தொகுதிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத மண் வேறுபாடு இருக்கும். அது எந்த ரகத்துக்கும் சலுகை காட்டாதிருக்கவே சீட்டு.

உதாரணத்துக்கு, மேட்டிலிருந்து பள்ளம் வரை முதல் ரகம் 18, 24, 30 கிலோ, இரண்டாவது 20, 27, 31 கிலோ தருகிறது என்று வைப்போம். முதல் ரகத்திலேயே இடத்துக்கு இடம் 12 கிலோ வரை வேறுபாடு. ஆனால் தொகுதிக்குள் கழித்துப் பார்த்தால் 2, 3, 1. இரண்டாவது ரகம் சராசரியாக 2 கிலோ கூடுதல். தொகுதிகளுக்கு இடையிலான மண் வேறுபாடு கணக்கிலிருந்து விலகிவிட்டது.

தொகுதிகளைச் சரிவின் போக்கிலேயே நீளமாக வகுத்தால் ஒவ்வொன்றிலும் மேடும் பள்ளமும் கலந்துவிடும். தொகுதிகளின் சராசரிகள் ஏறக்குறைய சமமாகவும், ஒரே தொகுதியின் பாத்திகள் பெரிதும் மாறுபட்டும் இருந்தால், பிரித்த திசை தவறு என்று சந்தேகிக்கலாம்.