குழந்தையின் காலுறை: அளவும் பிடிப்பும்

கைக்குழந்தைகளுக்கான சாக்ஸ் உறைகளில் பெரும்பாலும் அளவு இருப்பதில்லை, வயதுதான் இருக்கிறது: 0-3 மாதம், 0-6 மாதம், 6-12 மாதம். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் பாதம் குதிகாலிலிருந்து விரல் நுனிவரை ஏறத்தாழ 7.5 முதல் 8 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். முதல் பிறந்தநாளுக்குள் அது 11.5 சென்டிமீட்டரை ஒட்டி வந்துவிடும். வளர்ச்சியின் பெரும்பங்கு முதல் ஆறு மாதங்களில் நிகழ்வதால், 0-6 மாதம் என்று அச்சிட்ட ஒரே சாக்ஸ் அந்த ஆறு மாதமும் பொருந்துவது அரிது. ஒரு நிறுவனத்தின் 0-6 இன்னொரு நிறுவனத்தின் 0-3 ஆகவும் இருக்கும். ஆகவே வயதைப் பார்த்து வாங்குவதைவிடப் பாதத்தை அளந்து வாங்குவதே நம்பத்தக்க வழி.

அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. விரல்களுக்குக் கீழே உள்ளங்காலில் எதுவும் பட்டால் பச்சிளங்குழந்தை விரல்களை உள்நோக்கி மடக்கிக்கொள்ளும். பிறவியிலேயே உள்ள இந்த அனிச்சைச் செயல் ஓராண்டுக்குள் மறையும். விரல் மடங்கிய நிலையில் எடுக்கும் அளவு குறைந்துபோகும். பால் குடித்து அசந்து தூங்கும்போது, உள்ளங்காலின் வெளி ஓரத்தைக் குதிகாலிலிருந்து சுண்டுவிரல் பக்கமாக மெல்லத் தடவினால் விரல்கள் தாமாகவே விரியும். அந்த நேரத்தில் குதிகாலை ஒரு புத்தகத்தின் விளிம்பில் பொருத்தி, உள்ளங்காலை ஒட்டிப் பிடித்த கெட்டி அட்டையில் மிக நீண்ட விரலின் நுனியைக் குறித்துக்கொள்ளலாம். கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு நூலை இறுக்காமல் சுற்றி, அதை அளவுகோலில் வைத்தால் சுற்றளவு கிடைக்கும். இரண்டு காலையும் அளந்து பெரியதையே எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டில் நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் அளப்பது போதும்.

பின்னல் துணி நீளும் தன்மை கொண்டது. எனவே சாக்ஸின் பாதப்பகுதி காலைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கலாம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையக் கூடாது. மேல்பட்டியும் கணுக்காலைவிடக் கொஞ்சம் சிறியதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும், ஆனால் குதிகாலைத் தாண்டும் அளவுக்கு எளிதாக விரிய வேண்டும். பட்டியை இரண்டு விரலால் இழுத்துப் பார்க்கும்போது விரல்களுக்கு முயற்சி தேவைப்பட்டால் அது குழந்தைக்கு இறுக்கமானது. பருத்திப் பின்னல் முதல் சலவையில் சுருங்கும் என்பதால், ஒருமுறை துவைத்து உலர்த்திய பிறகு அளந்து முடிவு செய்வது நல்லது.

நான்கு மாதக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாதம் 9.7 சென்டிமீட்டர், கணுக்கால் சுற்றளவு 11.5 சென்டிமீட்டர். வீட்டில் இருப்பது 0-6 மாதம் என்று எழுதிய சாக்ஸ். தரையில் பரப்பி அளந்தால் பாதப்பகுதி 8 சென்டிமீட்டர், பட்டியின் அகலம் 4 சென்டிமீட்டர், அதாவது சுற்றளவு 8. பெற்றோரின் குறை இரண்டு: சாக்ஸ் அடிக்கடி கழன்று விழுகிறது, கழற்றினால் காலில் தடம் பதிந்திருக்கிறது. ஒரே சாக்ஸ் தளர்வாகவும் இறுக்கமாகவும் எப்படி இருக்க முடியும் என்று தோன்றும். பாதப்பகுதி காலைவிட 1.7 சென்டிமீட்டர் குறைவு. அதனால் குதிகாலுக்கென்று பின்னப்பட்ட குழிவு குதிகாலில் உட்காராமல் உள்ளங்காலின் நடுவே நின்றுவிடுகிறது. மேல்பட்டியோ கணுக்காலுக்கு மேலே போக இடமின்றிக் குதிகாலின் வளைவிலேயே நிற்கிறது. சரிவான இடத்தில் நிற்கும் எலாஸ்டிக் சுருங்கச் சுருங்கக் குறுகிய பக்கமாகத்தான் நகரும். குழந்தை இரண்டு உதை உதைத்ததும் பட்டி குதிகாலைத் தாண்டி வழுக்கிவிடும். கழன்று விழாத நேரத்தில், 8 சென்டிமீட்டர் பட்டி 11.5 சென்டிமீட்டர் காலில் இழுபட்டு நிற்பதால் தடம் பதிகிறது.

இங்கே பலரும் செய்வது இன்னும் இறுக்கமான எலாஸ்டிக் உள்ள சாக்ஸைத் தேடுவது. அது நோய்க்கு எதிரான மருந்து. இந்தக் குழந்தைக்குத் தேவை பாதப்பகுதி 9 சென்டிமீட்டரும், பட்டியின் அகலம் 5 சென்டிமீட்டரும் உள்ள சாக்ஸ். கணுக்காலுக்கு மேலே மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு மென்மையான ரிப் பின்னல் இருந்தால் இன்னும் நல்லது. ஒற்றைக் கோடாக அழுத்தும் எலாஸ்டிக்கைவிட, அகலமான ரிப் அதே பிடிப்பைப் பரப்பிக் கொடுக்கும். கைக்குழந்தையின் கணுக்கால் சதை திரண்டு, எலும்பு மேடு தெரியாமல் இருக்கிறது. பட்டி மாட்டிக்கொள்ள அங்கே விளிம்பு ஏதும் இல்லை. எனவே உயரமான பட்டிதான் துணை.

இறுக்கத்தைக் கண்டுபிடிக்க, சாக்ஸைக் கழற்றியதும் காலைப் பார்க்க வேண்டும். ரிப்பின் மெல்லிய வரிகள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தால் கவலை இல்லை. அரைமணி கழித்தும் பள்ளம் இருந்தால், பட்டிக்குக் கீழே கால் உப்பியிருந்தால், அந்தச் சாக்ஸைத் திரும்பப் போடக் கூடாது. மாநிறக் குழந்தைகளின் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. கண்ணைவிட விரல் நுனியை நம்பலாம்: பட்டி இருந்த இடத்தைத் தடவினால் பள்ளம் புலப்படும். இறுக்கமான எலாஸ்டிக் நெடுநாள் ஒரே இடத்தில் அழுத்தினால் கெண்டைக்காலைச் சுற்றி நிறம் மாறிய கோடு விழுவதையும், சிலருக்கு அது சற்றுத் தடித்து நிற்பதையும் தோல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது மறைய மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட ஆகும். நீளம் போதாத சாக்ஸில் அடையாளம் வேறு: விரல்கள் மடங்கியிருக்கும், விரல் முட்டிகளின் மேல்புறம் கன்றியிருக்கும்.

நிறத்தைப் பற்றிய குழப்பம் பொதுவானது. பிறந்த சில நாட்களில் இரண்டு கைகளும் இரண்டு கால்களும் குளிரில் சற்று நீலம்பாரித்துத் தெரிவது இயல்பு, சூடுபட்டதும் தெளியும். ஒரு கால் மட்டும், அதிலும் ஒரு விரல் மட்டும் கருத்தோ நீலமாகவோ இருந்தால் அங்கே ஏதோ அழுத்துகிறது. நாக்கும் உதடும் நீலமானால் அது சாக்ஸோடு தொடர்பில்லாத அவசரம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரே விரலில் வரும் அழுத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் சாக்ஸின் அளவல்ல, உள்ளே கிடக்கும் ஒரு நூலோ முடியோ. பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தாய்க்கு முடி அதிகமாகக் கொட்டும். அது சலவையில் சாக்ஸுக்குள் சேர்ந்து, குழந்தையின் விரலில் சுற்றி, அசையும்தோறும் இறுகும். மிட்டன்ஸின் உள்தையல் பிரிந்து தொங்கும் நூலும் அப்படியே. விரல் வீங்கிவிட்டால் நூல் சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது. காரணம் புரியாமல் தேற்ற முடியாதபடி குழந்தை அழுதால் முதலில் சாக்ஸையும் மிட்டன்ஸையும் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பார்க்க வேண்டும். விரலின் அடியில் வெட்டுப்போன்ற கோடும் நுனியில் வீக்கமும் இருந்து, நூலை எளிதில் எடுக்க முடியாவிட்டால் அன்றே, அந்த மணியிலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரத்தம் ஓடாத விரலை இழக்க நேரிடலாம். தடுப்பு எளிது: துவைத்த ஒவ்வொரு முறையும் உட்புறத்தை வெளியே திருப்பி, தொங்கும் நூலை நறுக்கிவிட்டுப் போடுவது.

நம் வீடுகளில் மட்டும் வரும் ஒரு கோளாறும் உண்டு. காலில் தண்டையோ கொலுசோ, கருப்புக் கயிறோ இருக்கும்; கையில் கருமணியும் வசம்பு வளையலும் இருக்கும். அவற்றின் மேல் பட்டி ஏறினால், சரியான அளவுள்ள சாக்ஸும் மணியையும் வளையத்தையும் தோலில் பதிய வைத்துவிடும். சாக்ஸ் போடும் நேரத்தில் நகையைக் கழற்றிவிடலாம். கயிறு என்றால் பட்டியை அதற்குக் கீழேயே நிறுத்தலாம்.

பூட்டீஸ் சாக்ஸைப் போல நீளாது. அதனால் அளவுக் கணக்கு நேர்மாறு: காலைவிட அரை முதல் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக இருக்க வேண்டும். மேலே சொன்ன குழந்தைக்கு உட்புற நீளம் 10.2 முதல் 10.7 சென்டிமீட்டர். உள்ளே சாக்ஸ் போடுவதானால் சாக்ஸோடு சேர்த்தே அளக்க வேண்டும். கம்பளிப் பின்னல் பூட்டீஸில் நுனியை வெளியிலிருந்து அழுத்தினால் விரலுக்கு முன்னால் சிறிது வெற்றிடம் தட்டுப்பட வேண்டும். கணுக்காலில் கோத்த நாடாவைச் சுண்டுவிரல் நுழையும் தளர்வில் கட்ட வேண்டும். நாடா நீளமாகத் தொங்கினால் குறைத்துத் தைத்துவிடுவதே நல்லது; விரலிலோ கழுத்திலோ அது சுற்றிக்கொள்ளலாம். கழன்று விழுவதைத் தடுக்க ரப்பர் பேண்ட் போடுவதும், ஊக்கு குத்துவதும் செய்யவே கூடாதவை. காலுறையின் மேல் பேண்ட்டின் கால்பட்டியை இறக்கிவிட்டாலே பெரும்பாலும் நின்றுவிடும். கழன்ற சிறு சாக்ஸ் வாய்க்குப் போகும் என்பதால் தூங்கும் குழந்தையின் அருகே தேடி எடுத்துவிட வேண்டும்.

மிட்டன்ஸில் பெருவிரலுக்குத் தனி இடம் இருக்காது. மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து, அதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதல் நீளம் வைத்தால் விரல்கள் உள்ளே விரிய முடியும். மூடிய முட்டி மணிக்கட்டைவிடப் பருமன் என்பதால் லேசான பிடிப்பே போதும். பட்டிக்குள் சுண்டுவிரல் நுழைய வேண்டும். பனியன் துணியில் தைத்து மணிக்கட்டில் ரிப் வைத்தவை, சுருக்குக்கயிறு வைத்தவற்றைவிடப் பாதுகாப்பானவை.

முகத்தைக் கீறாமலிருக்க என்று நாள் முழுதும் மிட்டன்ஸ் போட்டுவிடுவது வழக்கம். தூங்கும்போது நகத்தை வெட்டியோ அரத்தால் தேய்த்தோ விட்டால் அதன் தேவை வெகுவாகக் குறையும். பால் கொடுக்கும்போது கழற்றிவிட வேண்டும்: குழந்தை மார்பைத் தொட்டுத் தேடுவதும், பசித்தால் கையை வாய்க்குக் கொண்டுபோவதும் உறைக்குள் மறைந்துவிடும். குளிருக்கென்று போடுவதாக இருந்தால், கை கால் குளிர்ச்சியை வைத்து முடிவு செய்யாமல் குழந்தையின் மார்பையோ பிடரியையோ தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் வெயில்கால அறையில் சாக்ஸும் மிட்டன்ஸும் தேவையில்லை. வியர்த்திருந்தால் கழற்றிவிட வேண்டும்.