சீனி போடாத ஜூஸ்தானே?

நான் ஓர் உணவியல் நிபுணர். கிள்ளானில் ஒரு சிறிய கிளினிக்கில் வாரத்தில் நான்கு நாள் இனிப்புநீர் நோயாளிகளைப் பார்க்கிறேன். "சீனி போடாத ஜூஸ்தானே?" என்ற கேள்வி இல்லாமல் என்னுடைய எந்த வாரமும் போனதில்லை. கேட்பவர்கள் ஏமாற்றுகிறவர்கள் அல்ல. கோலாவை விட்டிருப்பார்கள், தே தாரிக்கை விட்டிருப்பார்கள், அந்த இடத்தில் உடம்புக்கு நல்லது என்று நம்பி ஒரு கிளாஸ் பழச்சாறை வைத்திருப்பார்கள்.

அப்படி ஓர் அண்ணன். வயது ஐம்பத்தெட்டு, ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.3ல் நின்றுகொண்டு இறங்கவே இல்லை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், சோற்றையும் குறைத்துவிட்டார். தினமும் மாலையில் என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஆரஞ்சு ஜூஸ்மா. வீட்லயே பிழியறது. ஒரு துளி சீனி கிடையாது" என்றார். எத்தனை பழம் என்று கேட்டபோது பக்கத்தில் இருந்த அவர் மனைவி முந்திக்கொண்டார். "நாலு. சில நாள் அஞ்சு."

நான்கு நடுத்தர ஆரஞ்சு ஏறக்குறைய 350 மில்லி சாறு தரும். அதில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கும், அதாவது ஏழு தேக்கரண்டி. அவர் நிறுத்திய தே தாரிக்கில் இருந்ததைவிட இது குறைவில்லை. பழத்திலிருந்து வந்த சர்க்கரை என்பதால் இரத்தம் அதற்குத் தனிச் சலுகை தருவதில்லை.

வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார் என்று தெரிந்தது. வீட்டில் மீட்டர் இருந்ததால் ஒரு சோதனை செய்து பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள், இரண்டும் மாலை நான்கு மணி, மாத்திரையில் மாற்றமில்லை, வேறெதுவும் சாப்பிடக்கூடாது. முதல் நாள் வழக்கமான ஜூஸ். குடிக்கும் முன் 6.6, ஒரு மணி நேரத்தில் 13.1, இரண்டு மணி நேரத்திலும் 10.4. மறுநாள் ஒரே ஓர் ஆரஞ்சை உரித்து, வெள்ளைத் தோலோடு சுளை சுளையாக மென்று சாப்பிட்டார். முன்பு 6.8, ஒரு மணியில் 9.2, இரண்டு மணியில் 7.5. இந்நாட்டில் பொதுவாகச் சொல்லும் இலக்கு, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 8.5க்குள்.

"ஒன்னுக்கும் நாலுக்கும் வித்தியாசம் இருக்காதாம்மா?" என்று மடக்கினார். நியாயமான கேள்வி. அப்படியானால் மூன்றாவது நாள் நான்கு பழத்தையும் மென்று சாப்பிட்டுப் பாருங்கள் என்றேன். இரண்டாவது பழத்தின் பாதியிலேயே வயிறு நிறைந்துவிட்டதாம். ஜூஸின் முதல் பிரச்சினை இதுதான். மெல்ல முடியாத அளவை அது குடிக்கவைத்துவிடும்.

இரண்டாவது பிரச்சினை வேகம். பழத்தின் சர்க்கரை சின்னச் சின்ன உயிரணுக்களுக்குள் சுவர் கட்டிப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நாம் மெல்லும்போது சில உடைகின்றன, பல உடையாமலே வயிற்றுக்குப் போகின்றன. வயிறு அந்தக் கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்குத் தள்ளும். பிழிந்து வடிகட்டியதில் சுவரும் இல்லை, சக்கையும் இல்லை. நீராகப் போனது நீராகவே வயிற்றைக் கடந்து சீக்கிரம் இரத்தத்தில் கலக்கிறது.

1977ல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆரோக்கியமானவர்களுக்கு ஒரே அளவு சர்க்கரையை முழு ஆப்பிளாகவும், மசித்த ஆப்பிளாகவும், சாறாகவும் கொடுத்தார்கள். முழுப் பழத்தைவிடப் பதினொரு மடங்கு வேகத்தில் சாறு உள்ளே போனது. இன்சுலின் சாறுக்குத்தான் அதிகம் சுரந்தது, பிறகு சர்க்கரை சட்டென்று கீழே இறங்கியது. ஜூஸ் குடித்த கொஞ்ச நேரத்தில் பசிப்பது அதனால்தான். அவர்கள் உடம்பு அவசரத்துக்கு இன்சுலினைக் கொட்டிச் சமாளித்தது. இனிப்புநீர் உள்ளவரின் கணையத்தால் அந்த வேகத்தில் கொட்ட முடியாது. அண்ணனின் 13.1 அங்கிருந்து வந்ததுதான்.

பிளெண்டரில் அரைத்தால் சக்கை இருக்குமே என்பார்கள். வடிகட்டியதைவிட நல்லதுதான். ஆனால் அரைப்பவர்கள் ஒரு பழத்தோடு நிறுத்தி நான் பார்த்ததில்லை. பெட்டியில் வரும் ஜூஸில் 'சீனி சேர்க்கப்படவில்லை' என்று போட்டிருந்தால், பின்பக்கம் திருப்பி 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று பாருங்கள். பெரும்பாலும் 10க்குப் பக்கத்தில் இருக்கும். கோலாவும் ஏறக்குறைய அதே கணக்குதான்.

அப்படியானால் என்ன பழம், எவ்வளவு? நாங்கள் 15 கிராம் மாவுச்சத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்கிறோம். ஒரு நடுத்தர ஆரஞ்சு அல்லது சின்ன ஆப்பிள் ஒரு பங்கு. பெரிய கொய்யாவில் பாதி, உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு பப்பாளி, ஐந்து ரம்புத்தான், பத்து சின்னத் திராட்சை, பாதி சின்ன மாம்பழம், எல்லாம் ஒவ்வொரு பங்குதான். ஒரு நாளைக்கு இரண்டு பங்கு, அதையும் ஒரே நேரத்தில் இல்லாமல் பிரித்து. வயிறு முட்டச் சோறு சாப்பிட்ட கையோடு பழம் என்றால் இரண்டும் சேர்ந்து ஏறும். பதினொரு மணிக்கோ மாலையிலோ பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள்.

என் கைக்கு முதலில் வருவது கொய்யா. நார்ச்சத்து அதிகம், கடித்து மெல்ல நேரம் எடுக்கும், பசார் மாலாமில் மலிவாகவும் கிடைக்கும். அசாம் பொடியை மட்டும் தொடாதீர்கள், அதில் உப்போடு சீனியும் இருக்கும். தர்பூசணியைப் பலர் எதிரியாகப் பார்க்கிறார்கள். வேகமாக ஏற்றும் பழம்தான், ஆனால் பெரும்பகுதி தண்ணீர். ஒரு துண்டோடு நிறுத்தினால் பயமில்லை. டுரியான் அப்படியல்ல. 100 கிராம் சதையிலேயே ஏறக்குறைய 27 கிராம் மாவுச்சத்து, கூடவே கொழுப்பு. ஒன்றிரண்டு சுளையிலேயே ஒரு பங்கு முடிந்துவிடும். சீசனில் அந்த இரண்டு சுளையை நான் யாருக்கும் மறுப்பதில்லை. ஆனால் அன்று இரவு சோறு குறைய வேண்டும்.

நட்சத்திரப் பழத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை குறைவான பழம் என்பதால் ஜூஸ் போட்டுக் குடிக்கும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. நீண்ட நாள் இனிப்புநீர் பலருக்குச் சிறுநீரகத்தைப் பாதித்திருக்கும். அவர்களுக்கு இந்தப் பழத்திலுள்ள ஒரு நச்சுப்பொருளை வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகும், உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தால் ஒரு துண்டுகூட வேண்டாம். சாப்பிட்டபின் விக்கல் நிற்கவில்லை என்றால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

ஜூஸை நானே சொல்லிக் குடிக்க வைக்கும் நேரம் ஒன்று உண்டு. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில மாத்திரை எடுப்பவர்களுக்கும் சர்க்கரை சில நேரம் 4க்குக் கீழே போய்விடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் மங்கும். அப்போது வேண்டியது வேகம்தான். அரை கிளாஸ், அதாவது சுமார் 150 மில்லி ஜூஸ். பதினைந்து நிமிடம் கழித்து மீட்டரில் பார்த்து, இன்னும் 4க்குக் கீழே இருந்தால் மறுபடி அதே அளவு. ஏறிய பிறகு அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் இரண்டு மூன்று பிஸ்கட். ஆளுக்கு நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999க்கு அழைக்க வேண்டும். அண்ணனின் காரில் இப்போது ஒரு சின்னப் பெட்டி ஆரஞ்சு ஜூஸ் இருக்கிறது. அது இதற்கு மட்டும்தான் என்று அவர் மனைவி மேலே ஒட்டி எழுதி வைத்திருக்கிறார்.