கார்டு லிமிட்டை உயர்த்தினால் ஸ்கோர் உயருமா?

கிரெடிட் கார்டின் லிமிட்டில் எத்தனை சதவீதம் கடனாக நிற்கிறது என்பதே பயன்பாட்டு விகிதம். நிலுவைத் தொகையை லிமிட்டால் வகுத்து நூறால் பெருக்கினால் அது கிடைத்துவிடும். 300 முதல் 900 வரை போகும் சிபில் ஸ்கோரில் தவணை தவறாமல் கட்டுவதற்கு அடுத்தபடியாகக் கவனிக்கப்படும் விஷயங்களில் இதுவும் ஒன்று. விகிதம் 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. அது சட்டமல்ல; 31 சதவீதம் ஆனதும் ஸ்கோர் சரிந்துவிடாது. விகிதம் ஏற ஏற, கையில் பணம் இல்லாமல் கார்டை நம்பியே குடும்பம் ஓடுகிறதோ என்ற ஐயம் கடன் கொடுப்பவருக்கு எழுகிறது என்பதுதான் இதன் பின்னணி.

60,000 ரூபாய் லிமிட் உள்ள ஒருவர் மளிகை, பெட்ரோல், பள்ளிக் கட்டணம் என்று மாதம் 36,000 ரூபாயைக் கார்டிலேயே செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பில் ஒவ்வொரு மாதமும் 18ஆம் தேதி வருகிறது. அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறார். ஒரு ரூபாய்கூட வட்டி கட்டியதில்லை. ஆனாலும் அவருடைய விகிதம் 60 சதவீதம் என்றே பதிவாகலாம். வங்கிகள் மாதக் கடைசி நிலவரத்தையும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். மாதக் கடைசியில் இவருடைய 36,000 இன்னும் கட்டப்படாத தொகைதான். ஒழுங்காகக் கட்டுபவருக்கும் ஸ்கோர் ஏன் ஏறவில்லை என்ற கேள்விக்குப் பல நேரம் இதுதான் விடை.

இவருடைய லிமிட் 1,50,000 ஆனால் அதே 36,000 ரூபாய் 24 சதவீதமாகிவிடும். கடனில் ஒரு ரூபாய் குறையாமலேயே விகிதம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. புதிய லிமிட் அறிக்கையில் ஏறியபின் ஸ்கோரும் பெரும்பாலும் மேலே நகரும். எத்தனை புள்ளி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மற்ற கடன்கள், பழைய தாமதங்கள் எல்லாம் சேர்ந்தே கணக்காகும். லிமிட் கூடியதே என்று செலவு 90,000 ஆனால் விகிதம் மீண்டும் 60 சதவீதம். இப்போது கட்ட வேண்டிய தொகை மட்டும் இரண்டரை மடங்கு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மீதியைத் தள்ளிப்போட்டால், மாதம் 3.5 சதவீதம் போன்ற வட்டியும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். மாதாமாதம் பில்லை முழுதாகக் கட்ட முடியாதவர் லிமிட் உயர்வு கேட்காமல் இருப்பதே நல்லது.

கேட்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. வங்கி ஆப்பில் ஏற்கெனவே உயர்வு ஒதுக்கப்பட்டிருந்தால் சம்மதம் கொடுத்தாலே போதும். வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் லிமிட்டை உயர்த்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதிகள் சொல்கின்றன. ஒதுக்கீடு இல்லையென்றால் சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு போன்றவற்றைக் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். அப்போது வங்கி கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் அது விசாரணையாகப் பதிவாகி, ஸ்கோரைச் சிறிது இறக்கக்கூடும். ஒருமுறை என்றால் பெரிய பாதிப்பு இல்லை. அடுத்தடுத்துப் பல வங்கிகளில் கேட்பதுதான் பணத்துக்கு அலைபவர் என்ற தோற்றத்தைத் தரும். சம்பளம் உயர்ந்தபின், ஆறு மாதமாவது தாமதமில்லாமல் கட்டிய நிலையில் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிற வாரத்தில் கேட்பது சரியல்ல.

லிமிட் உயர்ந்த ஓரிரு மாதத்தில் கடன் அறிக்கையைப் பார்ப்பது அவசியம். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தன் அறிக்கையைத் தானே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அதில் பழைய 60,000 லிமிட்டே நின்றால் விகிதம் மாறியிருக்காது, உயர்வால் பலனும் இல்லை. திருத்தம் கோரிப் புகார் கொடுக்கலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

இரண்டு கார்டு வைத்திருப்பவர் பயன்படுத்தாத பழைய கார்டை ரத்து செய்தால் மொத்த லிமிட் சுருங்கி, விகிதம் ஏறிவிடும். வங்கி தானாக லிமிட்டைக் குறைத்தாலும் இதேதான் நடக்கும்.

வங்கி மறுத்துவிட்டாலும் விகிதத்தை இறக்க வழி இருக்கிறது. அதே 36,000 ரூபாய்க்காரர் பில் வரும்வரை காத்திராமல் 14ஆம் தேதியே 25,000 ரூபாயைக் கட்டிவிட்டால், மீதமுள்ள 11,000 ரூபாய் பழைய லிமிட்டிலேயே சுமார் 18 சதவீதம்தான்.