பொதுவாழ்வில் ஈடுபட்ட பெண்டிரின் மணவாழ்வுச் செய்திகள்: கைம்மை, மறுமணம், மணவிலக்கு ஆகியவற்றிற்கான பதிவுச் சான்றுகள்

ஆய்வுச்சுருக்கம்

பொதுவாழ்வில் ஈடுபட்ட பெண்டிரின் வாழ்க்கை வரலாற்றில் கைம்மை, மறுமணம், மணவிலக்கு ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரு தொடரில் முடிக்கப்படுகின்றன. சிலபோது அத்தொடரும் இடம்பெறுவதில்லை. இச்செய்திகள் எந்தப் பதிவில், யார் பெயரில் அமைந்துள்ளன என்பதை டாக்டர் டி. எஸ். சௌந்தரம், கமலாதேவி சட்டோபாத்யாய் ஆகிய இருவர் வாழ்வைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. கோபிசெட்டிபாளையம் வட்டாரப் பதிவுகளில் இத்தேடலை நிகழ்த்தும் முறையும் அதன் எல்லைகளும் இறுதியில் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கைம்மை, மறுமணம், மணவிலக்கு, சார்பதிவாளர் பதிவேடு, அறுத்துக்கட்டுதல், வாழ்க்கை வரலாற்றியல்

முன்னுரை

ஒரு பெண்ணின் கல்வி, பதவி, சிறைவாசம் ஆகியவை அவர் பெயரிலேயே ஆவணமாகின்றன. மணவாழ்வின் மாற்றங்கள் அவ்வாறு ஆவதில்லை. கைம்மைக்கான முதன்மைச் சான்று கணவரின் இறப்புப் பதிவாகும்; அது கணவர் பெயரில் இருக்கும். மறுமணச் சான்று மணம் நிகழ்ந்த ஊரில் இருக்கும்; அவ்வூர் பெண்ணின் சொந்த ஊராக இருக்க வேண்டியதில்லை. மணவிலக்குச் சான்று நீதிமன்ற வழக்குக் கட்டிலோ சாதிப் பஞ்சாயத்தின் முன் எழுதப்பட்ட பத்திரத்திலோ இருக்கும். ஆகவே பெண்ணின் பெயரை மட்டும் கொண்டு தேடும் ஆய்வாளருக்கு இம்மூன்றும் புலப்படுவதில்லை. சான்று இல்லாமையால் நேர்வது அன்று இது; சான்று வேறொரு பெயரின்கீழ் அடங்கியிருப்பதால் நேர்வது.

சௌந்தரம்: இரு பெயர்களுக்கு இடையே

டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளான சௌந்தரம் 1952, 1957 ஆகிய ஆண்டுகளில் சென்னைச் சட்டமன்றத்திற்கும், 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நடுவண் அரசில் கல்வித்துறைத் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். 1947இல் காந்திகிராமத்தை நிறுவியவர்களுள் ஒருவர். பதின்ம வயதில் உறவினரான டாக்டர் சௌந்தரராஜனுக்கு அவரை மணமுடித்தனர். 1925இல் சௌந்தரராஜன் காலமானார். அதன்பின் சௌந்தரம் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936இல் பட்டம் பெற்றார். 1940இல் கேரளத்தைச் சேர்ந்த காந்தியத் தொண்டர் ஜி. ராமச்சந்திரனை, குடும்பத்தாரின் எதிர்ப்புக்கிடையே, காந்தியடிகளின் வாழ்த்துடன் மறுமணம் செய்துகொண்டார்.

இவ்வரலாற்றில் அவருடைய பெயர் வழங்கிய முறை கருதத்தக்கது. ‘டி. எஸ். சௌந்தரம்’ என்பதிலுள்ள முன்னெழுத்துகள் தந்தை வழியின. அவை முதல் மணத்தையும் காட்டா, கைம்மையையும் காட்டா. ‘சௌந்தரம் ராமச்சந்திரன்’ என்னும் பிற்பெயர் மறுமணத்தைக் காட்டுகிறது. ஆனால் அது மறுமணம் என்பதைக் காட்டுவதில்லை. தேர்தல் முடிவுகளையும் அவைக் குறிப்புகளையும் மட்டும் படிக்கும் ஒருவர், ராமச்சந்திரனே அவருடைய ஒரே கணவர் என்று முடிவுசெய்ய எல்லா வாய்ப்பும் உண்டு. உறுப்பினர் வாழ்க்கைக் குறிப்புகள் நடப்பிலுள்ள மணத்தையே கேட்டுப் பதிவது வழக்கம். முந்தைய மணத்திற்கு அங்கே இடமில்லை. அவருடைய முதல் மணம் குடும்ப வரலாறுகள், நினைவுக் கட்டுரைகள், காந்திய இயக்கத்தார் எழுதியவை ஆகியவற்றின் வழியாகவே நமக்கு வந்து சேர்ந்துள்ளது.

இவ்வாறு வந்த செய்தியை முதன்மைச் சான்றோடு ஒப்பிட விரும்புவோர் மூன்று வெவ்வேறு இடங்களுக்குச் செல்ல வேண்டும். கைம்மைக்கு, சௌந்தரராஜன் என்னும் பெயரில், இறப்பு நிகழ்ந்த நகராட்சியின் பதிவேடு. கல்விக்காலத்திற்கு, டெல்லிக் கல்லூரியின் சேர்க்கைப் பதிவு. மறுமணத்திற்கு, காந்தியடிகளின் கடிதத் தொகுதிகளும் மணம் நடந்த மாவட்டத்தின் பதிவுகளும். முதலாவதில் ஒரு சிக்கல் உண்டு. ஆண் ஒருவரின் இறப்புப் பதிவில் தந்தை பெயர் எழுதப்படும். மனைவி பெயர் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. எனவே கணவரின் பெயரை முன்பே அறிந்தவருக்கே அப்பதிவு பயன்படும். அறியாதவருக்கு அது ஒரு தொடர்பற்ற இறப்பு மட்டுமே.

மறுமணம் எந்தச் சட்டத்தின்கீழ் நிகழ்ந்தது என்பதும் சான்றின் இருப்பிடத்தை முடிவுசெய்கிறது. 1856ஆம் ஆண்டின் இந்துக் கைம்பெண் மறுமணச் சட்டம் மறுமணத்தைச் செல்லுபடியாக்கியதேயன்றி அதற்கெனத் தனிப் பதிவேட்டை ஏற்படுத்தவில்லை. மாறாக, மறுமணம் செய்தவள் முதற் கணவரின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்று அதன் 2ஆம் பிரிவு விதித்தது. இதனால் அக்காலக் கைம்பெண் மறுமணங்கள் பல, அவற்றை மறுக்க முயன்றவர்களோ நிறுவ முயன்றவர்களோ தொடுத்த சொத்து வழக்குகளில்தான் எழுத்தில் நிற்கின்றன. வழக்கு எழாத குடும்பங்களில் எழுத்தும் எழவில்லை.

1872ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இதற்கு மாறானது. மணமக்கள் முன்கூட்டியே பதிவாளரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவ்வறிவிப்பில் மணமாகாதவரா, மனைவியை இழந்தவரா, கைம்பெண்ணா என்று ‘நிலை’யைக் குறிக்க ஒரு கட்டம் உண்டு. 1954ஆம் ஆண்டின் சட்டம் அக்கட்டத்தில் மணவிலக்குப் பெற்றவரையும் சேர்த்தது. ஒரு பெண்ணின் முந்தைய மணநிலையை அவர் பெயருக்கு நேராகக் கேட்டுப் பதியும் ஆவணங்கள் மிகச் சிலவே. இவ்வறிவிப்பு அவற்றுள் ஒன்று. ஆனால் வைதிகச் சடங்கு, சுயமரியாதை முறை, ஆசிரம முறை ஆகியவற்றின்வழி நிகழ்ந்த மணங்கள் இப்பதிவேட்டுக்குள் தாமாக வருவதில்லை.

கமலாதேவி: எழுதப்படாத மணவிலக்கு

1903இல் மங்களூரில் பிறந்த கமலாதேவி, 1917இல் கிருஷ்ணராவ் என்பவருக்கு மணமுடிக்கப்பட்டு, ஓரிரு ஆண்டுகளில் கைம்மையுற்றார். பின்னர்ச் சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்றார். கவிஞரும் நடிகருமான ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயை மறுமணம் செய்தார். அம்மணமும் பிற்காலத்தில் மணவிலக்கில் முடிந்தது. ஆக, மூன்று நிலைகளும் ஒருவர் வாழ்விலேயே அமைந்துள்ளன. 1926இல் சென்னைச் சட்டமேலவைத் தேர்தலில் போட்டியிட்டுச் சிறு வேறுபாட்டில் தோற்ற இவருடைய பொதுவாழ்வு நன்கு ஆவணப்பட்டது.

ஆயினும் 1986இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறான ‘இன்னர் ரிசெசஸ், அவுட்டர் ஸ்பேசஸ்’ இம்மணமுறிவு குறித்துப் பெரிதும் வாய்திறப்பதில்லை. கணவர் வழிப் பெயரையும் அவர் இறுதிவரை நீக்கவில்லை. சௌந்தரத்தின் பெயர் முதல் மணத்தை மறைத்தது போலவே, கமலாதேவியின் பெயர் மணவிலக்கை மறைக்கிறது. தன்வரலாற்றில் ஒரு செய்தி இல்லாமை அச்செய்தி நிகழாமைக்குச் சான்றாகாது என்பதை இவர் வாழ்வு தெளிவாகக் காட்டுகிறது.

மணவிலக்கைத் தேடுவோர் காலத்தையும் கருத வேண்டும். சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்குப் பொதுவான மணவிலக்குச் சட்டம் 1949இல்தான் இயற்றப்பட்டது. நாடு தழுவிய சட்டம் 1955இல் வந்தது. அதற்கு முன் இந்துச் சமய முறைப்படி மணந்த ஒரு பெண், சாதி வழக்கம் இடம்தந்தாலன்றி, நீதிமன்றத்தில் மணவிலக்குப் பெற வழியில்லை. எனவே 1930களின் செய்தி ஒன்றில் ‘கணவரைப் பிரிந்தவர்’ என்றிருப்பதை ஆய்வாளர் ‘மணவிலக்குப் பெற்றவர்’ என மாற்றி எழுதுதல் பிழையாகும். எதிர்த்திசையிலும் பிழை நேரலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் குடிக்கணக்குகளில் மறுமணம் செய்யாத மணவிலக்குப் பெற்றோரும் கைம்மை நிலையினரோடு சேர்த்தே எண்ணப்பட்டனர். அரசின் எண்ணிக்கையிலேயே மணவிலக்கு கைம்மைக்குள் அடங்கிவிட்டது.

கோபிசெட்டிபாளையம் வட்டாரப் பதிவுகள்

கொங்கு வட்டாரத்தில் தேடுவோர்க்கு முதலில் தேவைப்படுவது ஆட்சி எல்லை பற்றிய தெளிவு. கோபிசெட்டிபாளையம் வட்டம் 1979இல் ஈரோட்டைத் தலைநகராகக் கொண்ட புதிய மாவட்டம் அமையும்வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே அதற்கு முற்பட்ட மாவட்ட நிலை ஆவணங்களைக் கோயம்புத்தூர்ப் பெயரில் தேட வேண்டும்.

கைம்பெண்ணோ கணவரைத் தீர்த்துவிட்டவளோ மீண்டும் தாலி கட்டிக்கொள்வதை ‘அறுத்துக்கட்டுதல்’ என்னும் வழக்குச் சொல் குறிக்கும். சில சமூகங்களில் இது ஏற்கப்பட்ட வழக்கம், சிலவற்றில் விலக்கப்பட்டது. இத்தகைய வழக்கமுறை மணவிலக்கை 1955ஆம் ஆண்டுச் சட்டமும் 29ஆம் பிரிவில் காத்துள்ளது. பஞ்சாயத்தார் முன் வாய்மொழியாக முடிந்தவை எழுத்தில் இல்லை. பத்திரமாக எழுதிப் பதியப்பட்டவை சார்பதிவாளர் அலுவலகத்தின் 4ஆம் புத்தகத்தில் இருக்கும். அசையாச் சொத்தைச் சாராத பத்திரங்களுக்கான அப்புத்தகத்தின் நகலை, பத்திரத்தில் தொடர்புடையவரோ அவர் சார்பாளரோ மட்டுமே பெற முடியும்.

அசையாச் சொத்துகளுக்கான 1ஆம் புத்தகமோ கட்டணம் செலுத்தும் எவருக்கும் திறந்தது. ஆய்வாளருக்கு உண்மையில் உதவுவது இதுவே. கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை எதுவாயினும், பெண்ணின் பெயருக்கு முன்னால் அவர் இன்னார் மகள் அல்லது இன்னார் மனைவி என்னும் அடைமொழி எழுதப்படும். எடுத்துக்காட்டாக, ஒரே பெண் 1931ஆம் ஆண்டுப் பத்திரத்தில் ஒருவரின் மனைவி என்றும், 1938இல் காலஞ்சென்ற அவரின் மனைவி என்றும், 1944இல் மற்றொருவரின் மனைவி என்றும் குறிக்கப்பட்டால், கைம்மை 1931க்கும் 1938க்கும் இடையிலும், மறுமணம் 1938க்கும் 1944க்கும் இடையிலும் நிகழ்ந்தன எனலாம். அவர் ஒருவரே என்பதைப் பெயரைக் கொண்டு அன்றித் தந்தை பெயர், ஊர், நிலத்தின் சர்வே எண் ஆகியவற்றைக் கொண்டு உறுதிசெய்தல் வேண்டும்.

இம்முறையிலும் வழுக்கள் நேரலாம். கணவர் இறந்தபின்னும் ‘காலஞ்சென்ற’ என்பதை எழுத்தர் விட்டுவிடுவதுண்டு. ‘மனைவி’ என்பதிலிருந்து ‘மகள்’ என்பதற்கு அடைமொழி மாறினால், அது மணவிலக்கைச் சுட்டலாம். பிறந்த வீட்டுச் சொத்தைப் பெறும் பத்திரம் என்பதாலும் அவ்வாறு எழுதப்பட்டிருக்கலாம். ஒற்றைப் பத்திரத்தின் அடைமொழி குறிப்பாகும், முடிவாகாது. இரண்டு, மூன்று பத்திரங்கள் ஒத்து நிற்கும்போதே அதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

நீதிமன்ற மணவிலக்கு ஆவணங்களுக்குச் சட்டத்தின் எல்லையும் உண்டு. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, அச்சட்டத்தின்கீழான நடவடிக்கைகளை அச்சிட்டு வெளியிடுவதைத் தடைசெய்கிறது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு மட்டும், நீதிமன்ற ஒப்புதலுடன், விலக்கு உண்டு. வழக்குக் கட்டைப் பார்க்க வாய்த்தாலும் அதன் உள்ளடக்கத்தை ஆய்வேட்டில் எடுத்தாள்வது வேறு செயல் என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

முடிவுரை

கைம்மை கணவர் பெயரிலும், மறுமணம் மணம் நிகழ்ந்த இடத்திலும், மணவிலக்கு வழக்கிலோ பத்திரத்திலோ பதிவாகின்றன. இம்மூன்றையும் இணைக்கும் ஒரே கண்ணி பெண்ணின் பெயர். அப்பெயரோ சௌந்தரத்திடம் தந்தை வழியாகவும், கமலாதேவியிடம் பிரிந்த கணவர் வழியாகவும் நின்று, இணைப்பையே மறைத்தது. ஆகவே வாழ்க்கை வரலாறு எழுதுவோர் ஒரு பெண் தாங்கிய எல்லாப் பெயர்களையும், அவர் யார் மகள், யார் மனைவி என்று குறிக்கப்பட்ட இடங்களையும் ஆண்டுவாரியாகப் பட்டியலிட்ட பின்னரே தேடலைத் தொடங்குதல் வேண்டும். அப்பட்டியலில் அடைமொழி மாறும் ஆண்டுகளே அடுத்து எந்தப் பதிவேட்டைத் திறக்க வேண்டும் என்பதைக் காட்டும்.