தோல் முட்டை ஏன் விழுகிறது?

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் காலையில் முட்டை பொறுக்கும்போது, ஓடே இல்லாமல் தோலோடு கிடக்கும் முட்டை அவ்வப்போது கைக்கு வரும். “சுண்ணாம்புச் சத்து பத்தலை” என்று உடனே தீவனத்தில் கல்மாவை அள்ளிப் போடுவார்கள். பல நேரம் குறை அளவில் இல்லை, பொடியின் பருமனில் இருக்கிறது.

ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் உண்டு. ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. அப்போது கோழி தீவனம் தின்பதில்லை. மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் சில மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும். பிறகு கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். 2 முதல் 4 மில்லிமீட்டர் குருணையோ கிளிஞ்சல் துண்டோ இரைப்பையில் தங்கி, விடியும்வரை மெல்லக் கரையும். அதனால், குறிப்பாக வயதான கோழிகளுக்கு, கால்சியத்தில் பாதிக்கு மேல் குருணையாகத் தருவது நல்லது. மாலைத் தீவனத்தில் தந்தால் இன்னும் நல்லது. கருங்கல் சில்லு வேறு விஷயம்: அது தானியத்தை அரைக்க உதவுமே தவிர, கால்சியம் தராது. சந்தேகமா? எலுமிச்சைச் சாற்றில் போடுங்கள், சுண்ணாம்பு என்றால் நுரைக்கும்.

குருணை சரியாக இருந்தும் சித்திரை வெயிலில் ஓடு மெலியும். கோழி வாய் பிளந்து இரைக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. ஓட்டுக்குத் தேவையான கார்பனேட் அதிலிருந்துதான் கிடைக்கிறது. மந்தை முழுக்கத் திடீரென்று முட்டை குறைந்து, ஓடும் சொரசொரப்பானால் நோயைச் சந்தேகித்து, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.