தூரமும் ஒரு மருத்துவக் காரணியே

ஆரம்பக் கருச்சிதைவு உறுதியானபின், கரு தானாக வெளியேறக் காத்திருக்கலாம், மாத்திரை பெறலாம், கருப்பையிலிருந்து உறிஞ்சி அகற்றும் சிறு சிகிச்சையை நாடலாம். பிரித்தானியாவில் 1200 பெண்களிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வின்படி, மூன்று வழிகளிலும் தொற்று நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்கே ஏற்பட்டது. ஆயினும் எதிர்பாராது வைத்தியசாலை செல்ல நேர்ந்தோர், காத்திருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர். மாத்திரை பெற்றவர்களில் 18 வீதத்தினர். சிறு சிகிச்சை பெற்றவர்களில் 8 வீதத்தினர்.

எனவே வன்னியில் தூரத்தையும் கணக்கிட வேண்டுமென்பதே நமது கருத்து. கிளிநொச்சி நகரில் வசிப்பவருக்குக் காத்திருப்பது இயலும். இரவில் வாகனமற்ற முல்லைத்தீவுக் கிராமத்தவரோ சிறு சிகிச்சை குறித்து முதலிலேயே வைத்தியரிடம் கேட்பது நன்று.

எவ்வழியாயினும், மணிக்கு இரண்டு அணையாடைகள் வீதம் இரு மணிநேரம் தொடர்ந்து நனைந்தாலோ மயக்கம் வந்தாலோ 1990 அம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும். காய்ச்சலோ துர்நாற்றமோ இருப்பின் அன்றே வைத்தியசாலை செல்ல வேண்டும்.